முந்நூறு சொற்களில் ஒரு புது நாவலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது என்பதால் தமிழில் புது நாவல்களில் பெரும்பகுதி டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் வாரத்திலும் அச்சாகி வந்து விழும். அதற்கப்புறம் சில மாதங்களுக்கு நாளிதழ்களின் நூல் பக்கத்தில் இட நெருக்கடிதான். அந்தப் பக்கத்தில் ஒரு நாவலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முந்நூறு சொற்கள். சிற்றிதழில் பத்துப் பக்கம் எழுதிப் பழகியவர்கள்கூட இங்கே வந்து தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இது நீண்ட கட்டுரையின் சுருக்கம் அல்ல, தனி வடிவம். ஒரு தீர்ப்பு, அதற்கு ஒரு சாட்சி, ஒரு குறை. இவ்வளவுதான் இதில் கொள்ளும்.

வெறுமனே விதிகளாகச் சொன்னால் புரியாது என்பதால் இந்த வழிகாட்டிக்காக ஒரு நாவலைக் கற்பனை செய்துகொள்கிறேன். அப்படி ஒரு நாவல் கிடையாது. 280 பக்கம், ஆசிரியரின் முதல் நாவல், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிப் பட்டறை ஒன்றில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கான மதிப்புரையைத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போவோம்.

படிக்கும்போது செய்ய வேண்டியது

முதலில் பின்னட்டையையும் அணிந்துரையையும் படிக்காதீர்கள். நாவலை முடித்த பிறகு படியுங்கள். நம் நூல்களில் அணிந்துரை எழுதுபவர் பெரும்பாலும் ஆசிரியரின் நண்பரோ, அவர் மதிக்கும் மூத்த எழுத்தாளரோதான், அவர் அன்போடு சொன்ன இரண்டு வாக்கியம் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அதையே நம்முடைய கருத்து என்று நினைத்து எழுதிவிடுவோம். ஒரே நாவலுக்கு மூன்று இடங்களில் வந்த மதிப்புரைகளை வைத்துப் பார்த்தால் மூன்றிலும் பின்னட்டை வாசகம் லேசாக மாறிய வடிவில் இருப்பதை நானே பலமுறை கவனித்திருக்கிறேன்.

கையில் ஒரு பென்சில் போதும். பக்கத்தின் ஓரத்தில் மூன்றே மூன்று குறிகள் போடுங்கள். நின்று மறுபடி படித்த இடத்துக்கு ஒரு கோடு, சலித்துப்போய் எத்தனை பக்கம் மிச்சம் என்று புரட்டிப் பார்த்த இடத்துக்கு ஒரு புள்ளி, சந்தேகம் வந்த இடத்துக்கு ஒரு கேள்விக்குறி. சந்தேகம் என்றால், முப்பதாம் பக்கத்தில் அத்தை என்று வந்தவர் எழுபதாம் பக்கத்தில் சித்தி ஆகிவிட்டாரே, அது பிழையா, நான்தான் தவறாகப் படித்தேனா என்கிற மாதிரி. குறி போட்ட பக்க எண்ணைக் கடைசி வெற்றுத் தாளில் உடனே எழுதிவிடுங்கள். கதையைக் குறிப்பெடுக்க வேண்டாம், அது நினைவில் இருக்கும், இல்லாமல் போனால் அதுவே ஒரு தகவல்தான்.

இந்தக் கோடுகளும் புள்ளிகளும் சேர்ந்து ஒரு வரைபடம் மாதிரி ஆகிவிடும். நம் விசைத்தறி நாவலில் முதல் 190 பக்கத்தில் பதினோரு கோடுகள், ஒரே ஒரு புள்ளி. அதற்கப்புறம் கோடே இல்லை, கடைசி இரண்டு பக்கத்தில் மட்டும் ஒன்று இருக்கிறது, நடுவில் வரிசையாகப் புள்ளிகள். மதிப்புரையின் எலும்புக்கூடு இங்கேயே கிடைத்துவிட்டது, இனி அதற்குக் காரணம்தான் தேட வேண்டும்.

கடைசிப் பக்கம்வரை படித்தாக வேண்டும் என்பதைச் சொல்லித்தான் தீர வேண்டியிருக்கிறது. பாதியில் விட்டால் விட்டதாக வாசகருக்குச் சொல்ல முந்நூறு சொற்களில் இடம் கிடையாது, சொல்லாமல் எழுதுவது ஆசிரியருக்குச் செய்யும் துரோகம்.

ஒரு வாக்கியத் தீர்ப்பு

படித்து முடித்த அன்றே எழுதாதீர்கள். ஒரு இரவு போகட்டும். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல், இதைப் படித்த ஒரு நண்பரிடம் பேசுவது மாதிரி ஒரே வாக்கியம் எழுதிப் பாருங்கள். "நல்ல நாவல்" என்பது தீர்ப்பு ஆகாது, அது எந்த நாவலுக்கும் பொருந்தும். "விசைத்தறித் தொழிலாளர்களின் வாழ்வைச் சொல்லும் நாவல்" என்பதும் ஆகாது, அது பொருள், பின்னட்டையிலேயே இருக்கிறது. வேறு எந்த நாவலுக்கும் ஒட்ட முடியாத வாக்கியமாக வரும்வரை எழுதுங்கள்.

எங்கே கோடுகள் நின்று புள்ளிகள் தொடங்கின என்று பார்த்து, அங்கே என்ன மாறியது என்று கேட்டால் அந்த வாக்கியம் கிடைக்கும். நம் நாவலில் தறிக்கொட்டகையின் இரைச்சலுக்குள் யாருக்கும் யார் பேச்சும் காதில் விழாது, உதட்டசைவையும் விரல் சைகையையும் வைத்துத்தான் வேலை நடக்கிறது, ஆசிரியரும் அந்தப் பழக்கத்தை எழுத்துக்குள் கொண்டுவந்து பேச்சைக் குறைத்து உடலசைவைக் கூட்டி எழுதியிருக்கிறார். 191ஆம் பக்கத்தில் கதை கோவைக்குப் போகிறது. அங்கே இரைச்சல் இல்லை, எல்லோரும் நீளநீளமாகப் பேசுகிறார்கள். ஆக, தீர்ப்பு இது: இரைச்சலுக்குள் எழுதத் தெரிந்த ஆசிரியர் அமைதியான இடத்துக்கு வந்ததும் பிரசங்கத்தில் இறங்கிவிடுகிறார்.

இதில் புகழ்ச்சியும் இருக்கிறது, குறையும் இருக்கிறது, இரண்டும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. அப்படி அமைந்துவிட்டால் மதிப்புரை பாதி முடிந்த மாதிரி. நிறைகள் ஒரு பத்தி, குறைகள் ஒரு பத்தி என்று தனித்தனியாக அடுக்கினால் இரண்டும் ஒட்டாமல் நிற்கும்.

சொற்களைப் பங்கு போடுவது

தொடக்கத்துக்கு முப்பது, நாற்பது சொற்கள். கதைக்கு அறுபதைத் தாண்டக் கூடாது. நாவல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு, மேற்கோளையும் சேர்த்து, நூற்று இருபதிலிருந்து நூற்று நாற்பதுவரை. குறைக்கு ஐம்பது. முடிவுக்கு இருபது, இருபத்தைந்து. பழக்கமில்லாதவர்கள் கதைக்கே இருநூறு சொற்களைச் செலவழித்துவிட்டு, மிச்சத்தில் மொழிநடை, பாத்திரப் படைப்பு, சமூகப் பார்வை என்று ஆளுக்கொரு வாக்கியம் தருகிறார்கள். படிப்பவருக்குக் கதை தெரிந்துவிடும், நாவல் எப்படிப்பட்டது என்பது தெரியாது.

எண்ணிக்கையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கணினி இடைவெளியை வைத்துத்தான் சொற்களை எண்ணும். "படித்து விட வேண்டியது தான்" என்று பிரித்து எழுதினால் நான்கு, "படித்துவிட வேண்டியதுதான்" என்றால் இரண்டு. பிரித்துப் பிரித்து எழுதும் பழக்கம் உள்ளவர் முந்நூறு என்று அனுப்புவதும், சேர்த்து எழுதுபவர் முந்நூறு என்று அனுப்புவதும் அச்சில் ஒரே நீளத்துக்கு வராது. பக்கம் வடிவமைப்பவருக்குச் சொற்கணக்கு முக்கியம் இல்லை, இடம்தான் முக்கியம். அந்தப் பக்கத்தில் ஏற்கனவே வந்த நான்கைந்து மதிப்புரைகளைத் தட்டச்சு செய்து, எழுத்துகளின் எண்ணிக்கையைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

தொடக்கம்: தீர்ப்பு இங்கேயே வர வேண்டும்

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாளிதழுக்கு எழுதிய மதிப்புரையில் கதையை முதலில் சொல்லி, என் கருத்தையெல்லாம் கடைசி இரண்டு பத்தியில் வைத்திருந்தேன். அன்றைக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரம் கூடுதலாக வந்துவிட்டது. கீழே இருந்து இரண்டு பத்தியை வெட்டிவிட்டார்கள். அச்சில் வந்தது வெறும் கதைச்சுருக்கம், அதுவும் பாதியில் நிற்கிற கதைச்சுருக்கம், கீழே என் பெயர். மூன்று வருஷம் உழைத்து அந்த நாவலை எழுதியவர் அதைப் படித்து என்ன நினைத்திருப்பார் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. இட நெருக்கடியில் வெட்டு கீழே இருந்துதான் விழும். அதனால் முதல் பத்தி மட்டும் மிஞ்சினாலும் தீர்ப்பு மிஞ்ச வேண்டும்.

நம் மதிப்புரையின் தொடக்கம்:

"விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை; உதட்டைப் படிக்கிறார்கள், விரலைப் படிக்கிறார்கள். அந்த இரைச்சலுக்குள் வளரும் ஒரு பெண்ணின் பதினைந்து ஆண்டுகளைச் சொல்லும் இந்த நாவல், கொட்டகைக்குள் இருக்கும்வரை காதைத் தீட்டிக் கேட்கிறது. வெளியே வந்ததும் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகிறது."

முப்பது சொற்கள். களம் வந்துவிட்டது, யாருடைய கதை என்பது வந்துவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது. நாவலின் பெயரும் ஆசிரியர் பெயரும் நூல் விவரப் பெட்டியில் வந்தாலும் இந்தப் பத்தியிலும் ஒருமுறை வர வேண்டும், "இந்த நாவல்" என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் அதைச் செய்துகொள்ளலாம். "தமிழ் நாவல் வரலாற்றில்" என்று தொடங்குவதையும், "சமீபகாலமாக வட்டார நாவல்கள் அதிகம் வருகின்றன" என்று தொடங்குவதையும் விட்டுவிடுங்கள், நாற்பது சொற்கள் போய்விடும், நாவல் இன்னும் தொடங்கியிருக்காது.

கதையை எங்கே நிறுத்துவது

நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் நடப்பதை மட்டும் சொல்லுங்கள். ஏதோ ஒன்று நடந்து இனி பழையபடி இருக்க முடியாது என்று ஆகும் இடம் அதற்குள் வந்துவிடும், அங்கே நிறுத்துங்கள்.

"ராசாத்திக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவள் அப்பா பட்டறைக்காரரிடம் நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்குகிறார். கடன் தீரும்வரை குடும்பமே அங்கே வேலை செய்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டுத் தார் சுற்ற வரும் ராசாத்தி, தறியோட்டிகளின் உதட்டசைவைப் படிக்கப் பழகுகிறாள். ஒருநாள், தன் காதில் விழக்கூடாத ஒரு பேச்சை, கொட்டகையின் மறுகோடியில் நின்றபடி பட்டறைக்காரரின் உதட்டிலிருந்து படித்துவிடுகிறாள்."

நாற்பது சொற்களுக்குள் முடிந்துவிட்டது. இங்கே இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறேன். நாவலில் ராசாத்தியின் தம்பி, தறியோட்டி ஒருவர், பாட்டி என்று முக்கியமான ஆட்கள் இன்னும் மூன்று பேர் இருந்தாலும் ஒருவர் பெயரைக்கூடக் கொண்டுவரவில்லை, ஏனென்றால் முந்நூறு சொற்களில் இரண்டு பெயருக்கு மேல் வந்தால் வாசகருக்கு யார் யார் என்று நிற்காது. அப்புறம், அந்தப் பேச்சு என்ன என்பதைச் சொல்லவில்லை. அது நாவலின் எண்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம்தான் என்றாலும், அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்பதுதான் என் தீர்ப்புக்கு வேண்டியது, என்ன தெரிந்தது என்பது அல்ல. முடிவைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், நடுவில் ஆசிரியர் ஒளித்து வைத்திருப்பதை நாமாகப் போய் அவிழ்த்துவிடுகிறோம் என்பதுதான் கவனத்துக்கு வருவதில்லை. கதையைச் சொல்லும்போது நிகழ்காலத்திலேயே எழுதுங்கள், வாங்குகிறார், பழகுகிறாள் என்று. பாதியில் "வாங்கினார்" என்று மாறினால் படிப்பவருக்கு இடறும்.

மேற்கோளும் அதைப் பிரித்துக் காட்டுவதும்

மதிப்புரையின் உயிர் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது, நேரமும் இங்கேதான் அதிகம் போகும். கோடு போட்ட பன்னிரண்டு இடத்தையும் மறுபடி படித்து, தீர்ப்பை நேராகக் காட்டுகிற, இருபத்தைந்து சொற்களுக்குள் அடங்குகிற, முன்கதை தெரியாமலே புரிகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரொம்ப அழகான வரி இதில் தேறாமல் போகலாம், வருத்தம்தான், விட்டுவிடுங்கள்.

"மின்தடை வரும் ஓர் இரவை இப்படி எழுதுகிறார்: 'மின்சாரம் போனதும் அமைதி காதில் இடித்தது. சத்தமில்லாத இடத்தில் எப்படிப் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை.' இரைச்சலுக்குப் பழகியவர்களை அமைதி திகைக்க வைப்பதை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, விளக்கம் எதுவும் தராமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார். இந்த அடக்கம்தான் முதல் 190 பக்கங்களின் பலம்."

மேற்கோளைக் கொடுத்துவிட்டு "என்று உள்ளத்தைத் தொடும்படி எழுதுகிறார்" என்று முடிப்பது பெரிய நஷ்டம். தொட்டதா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்வார். அந்த வரி என்ன வேலை செய்கிறது, எப்படிச் செய்கிறது என்பதைத்தான் நாம் சொல்ல வேண்டும். மேற்கோளைப் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள், வட்டார வழக்கு இருந்தால் அதைத் "திருத்தி" எழுதிவிடாதீர்கள், பக்க எண்ணை ஆசிரியர் குழுவுக்குத் தனியாகக் குறித்து அனுப்புங்கள்.

இந்தப் பகுதியில் மிச்சமிருக்கும் எண்பது, நூறு சொற்களில் அதே தீர்ப்புக்கு இன்னொரு சின்னச் சாட்சி போதும். முதல் வரைவில் நான் எழுதியது இது: "ஆசிரியர் தன்னுடைய முதல் நாவலிலேயே விசைத்தறித் தொழிலாளர்களின் வாழ்க்கையை மிகவும் தத்ரூபமாகவும் நுணுக்கமாகவும் வாசகர்களின் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்." பதினான்கு சொற்கள், ஒன்றும் சொல்லவில்லை. நெசவாளர், மீனவர், சலவைத் தொழிலாளர் என்று மாற்றிப் போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கும், அதுதான் சோதனை. மாற்றி எழுதியது: "இழை அறுந்தால் தறியோட்டி அதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது." பத்துச் சொற்கள். நுணுக்கம் என்ற சொல் போய் நுணுக்கமே வந்துவிட்டது.

விறுவிறுப்பு, யதார்த்தம், மண்வாசனை, ஆழமான பார்வை, ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல் இவையெல்லாம் வரைவில் வரும், வந்தால் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் பதிலாக, எதைப் படித்தபோது அப்படித் தோன்றியது என்று போய்ப் பார்த்து அந்தக் காட்சியை வையுங்கள்.

குறையைச் சொல்வது

முதல் நாவல், தெரிந்தவர், பாவம் என்று குறையை விழுங்கிவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். வாசகர் முந்நூறு, நானூறு ரூபாய் கொடுத்து வாங்கப் போகிறவர், நாம் பேச வேண்டியது அவரிடம்தான். ஆனால் குறை, நாவல் எதைச் செய்ய முயன்றதோ அதை வைத்து அளக்கப்பட வேண்டும். சாயக்கழிவு ஆற்றில் கலப்பதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இந்த நாவலிடம் கேட்பது நியாயம் இல்லை, அது வேறு நாவல்.

"191ஆம் பக்கத்தில் ராசாத்தி கோவைக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு உதவும் வழக்கறிஞர் பக்கக்கணக்கில் சட்டம் பேசுகிறார். ராசாத்தியோ, உதட்டைப் படிக்கும் அந்த வித்தையை ஒருமுறைகூடப் பயன்படுத்துவதில்லை. நாவல் தானே வளர்த்த ஒரு புலனைத் தானே மறந்துவிடுகிறது."

இதில் "தொய்வு" என்ற சொல்லே இல்லை. எங்கே, எதனால் என்பது இருக்கிறது. ஆசிரியர் கோபப்பட்டாலும் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ள முடியும். இப்படி எழுதுவதற்கு முன் "ஒருமுறைகூட" என்பது உண்மைதானா என்று அந்தத் தொண்ணூறு பக்கத்தையும் மறுபடி புரட்டியாக வேண்டும். ஒரே ஒரு இடத்தில் அவள் உதட்டைப் படித்திருந்தாலும் மதிப்புரை முழுவதும் நம்பகத்தன்மையை இழந்துவிடும். கேள்விக்குறி போட்ட இடங்களையும் இப்போதுதான் தீர்க்க வேண்டும். அச்சுப்பிழை இரண்டு மூன்று என்றால் விடுங்கள், அத்தை சித்தியாகிப் படிப்பவரைக் குழப்பும் அளவுக்குப் போயிருந்தால் பாதி வாக்கியம் கொடுங்கள், அதில் பதிப்பகத்துக்கும் பங்கு உண்டு என்பது தெரியும்படி எழுதுங்கள்.

முடிவு

வாழ்த்தோடு முடிக்காதீர்கள். முதல் பத்தியை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லவும் வேண்டாம். நாவலிலிருந்து இன்னும் சொல்லாத ஒன்றைக் கையில் மிச்சம் வைத்திருங்கள்.

"கடைசி அத்தியாயத்தில் ராசாத்தி மறுபடி ஒரு கொட்டகை வாசலில் வந்து நிற்கிறாள். அந்த இரண்டு பக்கத்துக்காகக் கோவையைப் பொறுத்துக்கொள்ளலாம்."

எதற்காக நிற்கிறாள், உள்ளே போகிறாளா என்பதைச் சொல்லவில்லை, அது கதையின் முடிவு. வாங்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்கிறது.

அனுப்புவதற்கு முன்

எனக்கு முதல் வரைவு எப்போதும் நானூற்றைம்பதில் வந்து நிற்கும். வெட்டும்போது வாக்கியங்களைச் சுருக்குவதில் தொடங்காதீர்கள், தீர்ப்போடு சம்பந்தமில்லாத கருத்து எது என்று பார்த்து அதை முழுசாக எடுங்கள். நம் மதிப்புரையில் பாட்டி பாத்திரத்தைப் பற்றி நான்கு நல்ல வாக்கியங்கள் இருந்தன, அவ்வளவும் போயிற்று. அதற்கப்புறம்தான் மிகவும், என்பது குறிப்பிடத்தக்கது, என்றே சொல்லலாம் போன்ற ஒட்டுகளை எடுப்பது.

நூல் விவரப் பெட்டியை அட்டையிலிருந்து எடுக்காமல் உள்பக்கத்தில், உரிமைக் குறிப்பு இருக்கும் தாளிலிருந்து எடுங்கள்: பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஊர், பதிப்பு ஆண்டு, பக்கம், விலை. ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்து, ஒற்று எல்லாம் அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே இருக்கட்டும். அவர் உங்களுக்கு நெருங்கியவர் என்றாலோ, அதே பதிப்பகம் உங்கள் நூலையும் போடுகிறது என்றாலோ, ஆசிரியர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெருங்கிய நண்பர் என்றால் அந்த நூலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்வதே சரி. கடைசியாக, எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள், முந்நூறு சொற்களைப் படிக்கச் சில நிமிஷங்கள்தான் ஆகும், மூச்சு முட்டுகிற வாக்கியத்தை அங்கேயே இரண்டாக உடைத்துவிட்டு அனுப்புங்கள்.